மாசாமாசம் 3000 ரூபா "INDIAN CLEARING CORP"னு போகுது, யார் எடுக்குறாங்கன்னே தெரியல

வாசகர் கடிதம்

வணக்கம் சார். என் அப்பாவுக்கு 67 வயசு, அரசு வேலைல இருந்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் அக்கவுண்ட் அப்பா அம்மா ரெண்டு பேர் பேர்லயும் ஜாயிண்ட்டா இருக்கு. ரொம்ப நாள் கழிச்சு பாஸ்புக் என்ட்ரி போட்டப்ப, 17 மாசமா ஒவ்வொரு 8ஆம் தேதியும் "ACH D- INDIAN CLEARING CORP"னு 3000 ரூபா கழிஞ்சிருக்கு, மொத்தம் 51,000. அப்பா எதுலயும் கையெழுத்து போடலங்கிறார், ஓடிபியும் யாருக்கும் சொல்லலயாம். பழைய போன் நம்பர்தான் பாங்க்ல இருக்கு, அதனால மெசேஜ் எதுவும் வரல. பிராஞ்ச்ல கேட்டா "ஈசிஎஸ்மா, நீங்கதான் குடுத்திருப்பீங்க"ன்னு முடிச்சிட்டாங்க. ஏடிஎம் கார்டை பிளாக் பண்ணினேன், அடுத்த மாசமும் போச்சு. நெட்பாங்கிங்ல பாத்தா மேண்டேட் லிமிட் 25,000னு போட்டிருக்கு, பயமா இருக்கு. மொத்த பணத்தையும் வேற அக்கவுண்ட்டுக்கு மாத்திட்டா எடுக்க முடியாதுல்ல? போலீஸ்ல சொல்லவா?
— தென்மாவட்ட வாசகி

பதில்

வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் விவரமா போவோம். பணத்தை இப்ப மாத்தாதீங்க, போலீஸுக்கும் இன்னும் போகாதீங்க. நீங்க பாத்த அதே பேரைப் பாத்துட்டு, நான் பாங்க்ல கிளியரிங் பக்கம் இருந்த காலத்துலயும் சரி, இப்ப வக்கீலா நுகர்வோர் வழக்கு பாக்குறப்பவும் சரி, நிறைய பேர் இதே பயத்தோட வந்திருக்காங்க, அதுல பெரும்பாலும் பணம் திருடு போகல, வேற ஒரு இடத்துல அவங்க பேர்லயே இருந்துச்சு. உங்க விஷயமும் அப்படித்தான்னு கடிதத்தை மட்டும் படிச்சுட்டு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா அதை ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுடலாம், எப்படின்னு கீழ எழுதுறேன்.

இந்தியன் கிளியரிங் கார்ப்பரேஷன்ங்கிறது கடன் ஆப் இல்ல, கோர்ட்டும் இல்ல. மும்பை பங்குச்சந்தை பிஎஸ்இ இருக்குல்ல, அதோட துணை நிறுவனம். பிஎஸ்இ ஸ்டார் எம்எஃப்னு மியூச்சுவல் ஃபண்ட் வாங்குற ஒரு தளம் அவங்ககிட்ட இருக்கு, நிறைய ஏஜெண்டும் நிறைய மொபைல் ஆப்பும் உங்க பேர்ல எஸ்ஐபி, அதாவது மாசாமாசம் ஒரு தொகையை ஃபண்ட்ல போடுற ஏற்பாடு, போடுறப்ப அந்த தளம் வழியாத்தான் போடுறாங்க. முன்னாடி ஏஜெண்டோ ஆப்போ பணத்தை அவங்க அக்கவுண்ட்ல வாங்கி அப்புறம் ஃபண்டுக்கு அனுப்புறது நடந்துட்டு இருந்துச்சு, அது ஆபத்துன்னு பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி நிறுத்திடுச்சு, 2022 ஜூலைல இருந்து பணம் நேரா ஃபண்ட் கம்பெனிக்கோ இல்ல கிளியரிங் கார்ப்பரேஷனுக்கோதான் போகணும். அதனாலதான் ஸ்டேட்மெண்ட்ல ஃபண்ட் பேரும் வராது, ஏஜெண்ட் பேரும் வராது, நடுவுல பணத்தை வாங்கிக் குடுக்குறவங்க பேர் மட்டும் வருது, அதுவும் பாஸ்புக்ல இடம் பத்தாம "CORP"ஓட வெட்டுப்பட்டு நிக்குது. இதே மாதிரி என்எஸ்இ வழியா போட்டிருந்தா NSE CLEARINGனு வரும். உங்க 3000 ஒரு எஸ்ஐபி தவணையா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு நான் சொல்றது இதை வச்சுத்தான். ஒரே தேதி, ஒரே தொகை, 17 மாசம்.

ஓடிபி வரலன்னா திருட்டுன்னு அர்த்தம் இல்ல

கார்டை பிளாக் பண்ணியும் நிக்கலன்னு எழுதியிருந்தீங்க, அது நிக்காதும்மா, ஏன்னா இது கார்டு வழியா போற பணமே இல்ல. ACH D-னா நாச்னு ஒரு முறை, நம்ம ஜனங்க பழைய பழக்கத்துல ஈசிஎஸ்னு சொல்றது. இதுல ஒரே ஒரு தடவை அனுமதி குடுக்கணும், அதுக்குப் பேர்தான் மேண்டேட். அப்புறம் மாசாமாசம் எடுக்குறப்ப யாரும் கேட்க மாட்டாங்க, ஓடிபியும் வராது. அந்த ஒரு தடவை அனுமதியும் ரெண்டு விதமா குடுக்கலாம், ஒண்ணு பேப்பர் ஃபார்ம்ல கையெழுத்து, அதுக்கு ஓடிபியே தேவையில்ல. இன்னொண்ணு ஆன்லைன்ல டெபிட் கார்டோ நெட்பாங்கிங்கோ ஆதாரோ வச்சு. அப்பா ஓடிபி சொல்லலங்கிறது முழு உண்மையா இருந்தாலும், ஏதோ ஒரு நாள் பத்து பேப்பரோட பதினொண்ணாவது பேப்பரா கையெழுத்து வாங்கியிருக்க முடியும். வயசானவங்ககிட்ட "எதுலயும் போடலயே"ன்னு அவங்க சொல்றதை நான் பொய்னு நினைக்குறதே இல்ல, அவங்க போட்ட ஞாபகம் இல்லாத அளவுக்கு வேகமா வாங்கிடுறாங்க, அதுதான் நடக்குது.

25,000 பாத்து பயந்திருக்கீங்க. அது உச்சவரம்பு, அவ்வளவும் எடுக்கப் போறாங்கன்னு இல்ல. பின்னாடி எஸ்ஐபி தொகையை கூட்டினாலோ இன்னொண்ணு சேத்தாலோ மறுபடி கையெழுத்து வாங்க வேணாம்னு பெருசா ஒரு லிமிட் வச்சு வாங்கிக்குவாங்க, சில இடத்துல ஒரு லட்சம் கூட போட்டிருப்பாங்க. ஆனாலும் இதை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன், 3000க்கு 25,000 அனுமதிங்கிறது வேணாத திறந்த கதவுதான், கடைசில இந்த மேண்டேட்டை மூடணும்னு நான் சொல்றதுக்கு காரணம் அதுவும்தான்.

பணத்தை வழிச்சு வேற அக்கவுண்ட்டுக்கு மாத்துற யோசனை வேணாம். 8ஆம் தேதி பணம் இல்லன்னா நாச் ரிட்டர்ன் ஆகும், ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் பாங்க் சில நூறு ரூபா அபராதமும் அதுக்கு ஜிஎஸ்டியும் போட்டு, அப்புறம் வர்ற பென்ஷன்ல இருந்து கழிச்சுக்கும். இன்னொரு விஷயம், இது ஒருவேளை எஸ்ஐபியா இல்லாம கடன் தவணையா இருந்திருந்தா, பணம் இல்லாம நாச் திரும்புறது 2007ஆம் வருஷத்து பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25ஆம் பிரிவுல குற்றம், செக் பவுன்ஸ் மாதிரியே. எஸ்ஐபில அந்த ஆபத்து இல்ல, அது யாருக்கும் குடுக்க வேண்டிய கடன் இல்லையே. ஆனா இன்னது என்னன்னு தெரியாத ஒரு டெபிட்டை பவுன்ஸ் பண்ணி நிறுத்துற பழக்கம் யாருக்கும் வேணாம்.

தேடுறது எப்படி, எந்த வரிசைல

பாஸ்புக்கை வச்சுட்டு தேடாதீங்க, நெட்பாங்கிங்ல இருந்து ஸ்டேட்மெண்ட் இறக்குங்க, அதுல அந்த வரி முழுசா இருக்கும், பேருக்குப் பின்னாடி ஒரு நீள நம்பரோ குறிப்போ வரும். நெட்பாங்கிங்ல மேண்டேட் பக்கத்துல யூஎம்ஆர்என்னு 20 எழுத்து நீளத்துக்கு ஒரு எண் இருக்கும், அதை எழுதி வச்சுக்குங்க, இந்த மேண்டேட்டுக்கு நாடு முழுக்க இருக்குற ஒரே அடையாளம் அதுதான். பிராஞ்ச்ல "ஈசிஎஸ் யாருது"ன்னு கேட்டா அவங்க கைய விரிப்பாங்க, இந்த எண்ணைச் சொல்லி கேட்டா அப்படி விரிக்க முடியாது.

அடுத்து பிராஞ்ச் மேனேஜருக்கு ஒரு லெட்டர், வாயால இல்ல, எழுத்துல, ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க. இவ்வளவு போதும்: "எங்கள் கணக்கில் இந்த யூஎம்ஆர்என் கொண்ட நாச் மேண்டேட் பதிவாகியுள்ளது. அதன் நகல், பதிவான தேதி, எந்த முறையில் அனுமதி பெறப்பட்டது, அதிலுள்ள ரெஃபரன்ஸ் எண்கள், போன், இமெயில் ஆகியவற்றைத் தரவும்." மேண்டேட் ஃபார்ம்லயே ரெஃபரன்ஸ், போன், இமெயிலுக்கு தனித்தனி கட்டம் இருக்கு. அந்த போன் நம்பர் உங்க வீட்டு நம்பரா இல்ல வேற யாரோடதான்னு பாத்தீங்கன்னாலே பாதி கதை வெளிய வந்துடும். பேப்பர் மேண்டேட்னா கையெழுத்தோட படம் கிடைக்கும், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காட்டுங்க.

பாங்க் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், மறு பக்கத்துல இருந்தும் தேடலாம், எனக்கு கேட்டா இதுதான் சீக்கிரம் பலன் குடுக்குற வழி. மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்தோட கணக்கையும் வச்சிருக்கிறது பெரும்பாலும் கேம்ஸ், கேஃபின்டெக்னு ரெண்டு நிறுவனம். ஒருத்தர் பான் எண்ல எந்தெந்த ஃபண்ட்ல என்ன இருக்குன்னு ஒரே ஸ்டேட்மெண்ட்டா குடுப்பாங்க, அதுக்கு காஸ்னு பேர். camsonline.com போய் அந்த கன்சாலிடேட்டட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் கேளுங்க, காசு கிடையாது. கேக்குறப்ப சுருக்கம் வேணாம், ஒவ்வொரு பரிவர்த்தனையும் வர்ற விரிவான ஸ்டேட்மெண்ட் கேளுங்க, ஃபோலியோங்கிறது ஃபண்ட்ல இருக்குற கணக்கு, ஜீரோ பேலன்ஸ் ஃபோலியோவும் சேத்து, தேதி ரெண்டு வருஷம் முன்னாடி இருந்து. முதலீட்டுல பதிவாகியிருக்குற இமெயிலுக்குத்தான் அது வரும். அப்பா இமெயில் குடுத்து எதுவும் வரலன்னா அங்க ஒண்ணும் இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க, ஏஜெண்ட் தன்னோட இமெயிலை போட்டு வச்சிருக்குறதும் உண்டு, அது தப்பு, ஆனா நடக்குது. அப்ப பான் கார்டு, ஆதார், பாங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துக்கிட்டு அப்பாவை கூட்டிட்டு பக்கத்துல இருக்குற கேம்ஸ் ஆபீஸுக்கும் கேஃபின்டெக் ஆபீஸுக்கும் நேர்ல போங்க, பான் எண் வச்சு பாத்து சொல்லுவாங்க.

இதுல ரொம்ப பேர் தவறவிடுற இடம் ஒண்ணு இருக்கு, அம்மா பான் எண்ணையும் தேடணும். ஃபண்டுக்கு அடுத்தவங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் வாங்கக் கூடாதுன்னு விதி, முதலீடு யார் பேர்லயோ அவங்க அந்த பாங்க் அக்கவுண்ட்ல ஒரு ஹோல்டரா இருக்கணும் (மைனர் குழந்தை பேருக்கு பெத்தவங்க கட்டுறது மாதிரி கொஞ்சம் விதிவிலக்கு இருக்கு). உங்களது ஜாயிண்ட் அக்கவுண்ட், அதனால ஃபோலியோ ரெண்டு பேர்ல யார் பேர்லயும் இருக்கலாம். பென்ஷன் வர்றது அப்பாவுக்கு, பேசுறது எல்லாம் அப்பாகிட்ட, அதனால எல்லாரும் அப்பா பான்ல மட்டும் தேடிட்டு "ஒண்ணும் இல்ல, மோசடிதான்"னு கிளம்பிடுறாங்க.

ஸ்டேட்மெண்ட் வந்ததும் ஒத்துப் பாக்குறது இப்படி. பாங்க்ல 8ஆம் தேதி 3000 போயிருந்தா, ஃபண்ட்ல ஒண்ணு ரெண்டு வேலை நாள் தள்ளி ஒரு கொள்முதல் இருக்கும். தொகை 3000னு இல்லாம 2,999.85னு இருக்கும், அதைப் பாத்து இது வேறன்னு நினைச்சுடாதீங்க, 2020 ஜூலைல இருந்து ஒவ்வொரு கொள்முதலுக்கும் 0.005 சதவீதம் ஸ்டாம்ப் டூட்டி கழிக்கிறாங்க, 3000க்கு அது 15 பைசா. ரெண்டு ஃபண்டா பிரிஞ்சு 1999.90ம் 999.95ம் வந்திருந்தாலும் கூட்டிப் பாருங்க. 17 வரியும் மாசாமாசம் பொருந்திச்சுன்னா உங்க பணம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு.

யார் ஆரம்பிச்சாங்கன்னு அதே பேப்பர்லயே இருக்கு. ஃபண்ட் பேர்ல "Direct"னு இருந்தா நடுவுல ஏஜெண்ட் கிடையாது, வீட்டுல யாரோ ஆப் வழியா போட்டிருக்க வாய்ப்பு அதிகம், தம்பியோ அண்ணனோ அப்பாவுக்கு நல்லது பண்ணணும்னு போட்டுட்டு சொல்ல மறந்திருக்கலாம், கோபப்படாம கேளுங்க. "Regular"னு இருந்தா பக்கத்துல ARNனு ஒரு எண் இருக்கும், அது கமிஷன் வாங்குற ஏஜெண்டோட பதிவு எண், amfiindia.com தளத்துல அந்த எண்ணைப் போட்டா யார்னு பேர் வந்துடும். பாங்க்குகளுக்கே ARN உண்டு, அதையும் மனசுல வச்சுக்குங்க.

என்கிட்ட வந்த ஒரு தம்பதி விஷயம்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரிட்டயர்டு தம்பதி வந்தாங்க, அடையாளம் தெரியாம இருக்க சில விவரம் மாத்தியிருக்கேன். மாசம் 2000, இதே பேர், 11 மாசம், மொத்தம் 22,000. அய்யா பான்ல தேடுனாங்க, ஒண்ணும் இல்ல, சைபர் கிரைம்ல புகார் குடுக்க தயாரா இருந்தாங்க. அம்மா பான் நம்பரை போடச் சொன்னேன், ஒரு ஃபோலியோ வந்துச்சு, 11 கொள்முதல், ஒவ்வொண்ணும் 1,999.90. ரெகுலர் பிளான், ARN யாருதுன்னு பாத்தா அவங்க அக்கவுண்ட் வச்சிருந்த பாங்க்கோடதே. ஃபோலியோ ஆரம்பிச்ச தேதியைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்துடுச்சு, அன்னிக்கு கேஒய்சி புதுப்பிக்கணும்னு பிராஞ்ச்ல இருந்து போன் பண்ணி வரச் சொல்லியிருக்காங்க, கவுண்டர்ல ஒரு பையன் "கேஒய்சிக்குத்தான்மா"ன்னு சொல்லி ரெண்டு ஓடிபி வாங்கியிருக்கான்.

நாங்க பாங்க்குக்கு எழுதுனதுல ரெண்டே கேள்விதான் வச்சோம். முதலீடு பத்தி என்ன விளக்கம் குடுத்து சம்மதம் வாங்குனீங்க, அதுக்கு ஆதாரம் என்ன. வேற எதுவும் திட்டலை, மிரட்டலை. பதில் வர்றதுக்குள்ள எஸ்ஐபியை நிறுத்தினோம். அந்த அம்மா யூனிட்டை உடனே விக்கணும்னு சொன்னாங்க, வாங்கி ஒரு வருஷம் ஆகாததால ஒரு சதவீதம் எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் வித்தா பிடிக்கிற கட்டணம், இருந்துச்சு, அதை பாங்க் ஏத்துக்கணும்னு கேட்டோம், பேச்சுவார்த்தைல ஏத்துக்கிட்டாங்க. இந்த மாதிரி எல்லா பாங்க்கும் ஒத்துக்கும்னு நான் உறுதி குடுக்க முடியாது, எங்களுக்கு கை குடுத்தது தேதியும் ARNம் ஒரே இடத்தை காட்டுனதுதான்.

கிடைச்சதுக்கு அப்புறம்

அது எஸ்ஐபிதான்னு உறுதியாச்சுன்னா முதல்ல அப்பா அம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சு, வேணுமா வேணாமான்னு கேளுங்க. இன்னிக்கு மதிப்பு எவ்வளவுன்னு அந்த ஸ்டேட்மெண்ட்லயே இருக்கு, 51,000ஐ விட கூடவும் இருக்கலாம் குறைவாவும் இருக்கலாம். பணம் போயிடுச்சுன்னு நினைச்சவங்களுக்கு அது இருக்குன்னு தெரிஞ்சதும் வர்ற நிம்மதில "சரி ஓடட்டும்"னு விட்டுடுறதும் உண்டு, 67 வயசுல பென்ஷன் பணத்தை பங்குச்சந்தை ஃபண்ட்ல போடணுமாங்கிறது தனி கேள்வி, அதை நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்க.

வேணாம்னா வரிசை முக்கியம். எஸ்ஐபியை நிறுத்துறதும் மேண்டேட்டை ரத்து பண்றதும் ரெண்டு வேற வேலை. முதல்ல ஃபண்ட் கம்பெனிகிட்டயோ கேம்ஸ், கேஃபின்டெக் ஆபீஸ்லயோ எஸ்ஐபி நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, அடுத்த 8ஆம் தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே. அது உறுதியானதும் பாங்க்ல யூஎம்ஆர்என் போட்டு மேண்டேட்டை ரத்து பண்ணுங்க, நெட்பாங்கிங்லயே அந்த வசதி நிறைய பாங்க்ல இருக்கு. மேண்டேட்டை மட்டும் ரத்து பண்ணி எஸ்ஐபியை விட்டா, அவங்க மாசாமாசம் எடுக்க முயற்சி பண்ணி அது திரும்பிட்டே இருக்கும். எஸ்ஐபியை மட்டும் நிறுத்தி மேண்டேட்டை விட்டா அந்த 25,000 கதவு திறந்தே இருக்கும். யூனிட்டை விக்கிறதா இருந்தா ஒண்ணு பாருங்க, ஒவ்வொரு தவணையும் தனித்தனியா வயசு கணக்கு, அதனால பழசுக்கு எக்ஸிட் லோடு இருக்காது, சமீபத்து மாசங்களுக்கு இருக்கலாம். வரிசேமிப்பு ஃபண்டா இருந்தா ஒவ்வொரு தவணையும் 3 வருஷம் எடுக்க முடியாது.

சம்மதம் இல்லாம போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, ஏஜெண்ட் மேல ஃபண்ட் கம்பெனிக்கு எழுதுங்க, சரியான பதில் இல்லன்னா செபியோட scores.sebi.gov.in தளத்துல போடுங்க. பாங்க் ஆள் பண்ணியிருந்தா, இல்ல மேண்டேட் நகலையே பாங்க் காட்ட முடியலன்னா, பாங்க்குக்கு எழுத்துல புகார், 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் திருப்தி இல்லன்னாலோ cms.rbi.org.in வழியா ரிசர்வ் பாங்க் ஒம்புட்ஸ்மேன். அதுக்கு வக்கீல் வேணாம், நீங்களே போடலாம், கட்டணமும் கிடையாது.

ரெண்டு பான்லயும் தேடி, ரெண்டு ஆபீஸ்லயும் விசாரிச்சு எதுவுமே பொருந்தலன்னா மட்டும்தான் இது மோசடிங்கிற பக்கம் போகணும். அப்ப தாமதிக்காதீங்க, அன்னிக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, பாங்க்லயும் எழுத்துல குடுங்க. அனுமதியில்லாத பரிவர்த்தனைன்னு வந்தா அது வாடிக்கையாளர் பண்ணினதுதான்னு நிரூபிக்க வேண்டியது பாங்க், 2017ல ரிசர்வ் பாங்க் போட்ட சுற்றறிக்கைல இது இருக்கு. ஆனா அதே சுற்றறிக்கைல வெளியாள் பண்ணின மோசடின்னா தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னாத்தான் நமக்கு நஷ்டமே இல்லன்னு இருக்கு, தாமதம் ஆக ஆக நம்ம பங்கு கூடும். உங்க விஷயத்துல மெசேஜே பழைய நம்பருக்கு போயிருக்கு, அந்த வாதத்துல நமக்கு அது பாதகம், நம்பரை புதுப்பிக்க வேண்டியது நம்ம பொறுப்புன்னு பாங்க் சொல்லும். அதனால லெட்டர் குடுக்கப் போற அன்னிக்கே அப்பாவோட இப்போதைய நம்பரை பதிவு பண்ணிடுங்க, கேம்ஸ், கேஃபின்டெக்லயும் ஃபோலியோ கிடைச்சா அங்கயும் நம்பரையும் இமெயிலையும் மாத்தச் சொல்லுங்க.

அப்புறம் அந்த பாஸ்புக்லயே மே மாசக் கடைசிலயோ ஜூன் தொடக்கத்துலயோ 436, 20னு ஏதாவது கழிஞ்சிருந்தா அதுக்காக தனியா பயப்பட வேணாம், அது பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீட்டோட வருஷ பிரீமியம். வேணுமா வேணாமான்னு அப்பாகிட்ட கேட்டு, வேணாம்னா அதே பிராஞ்ச்ல எழுதிக் குடுத்தா நிறுத்திடுவாங்க.

மேண்டேட் நகல் கைக்கு வந்ததும் அதுல இருக்குற தேதியும் போன் நம்பரோட கடைசி நாலு இலக்கமும் மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க, முழு அக்கவுண்ட் நம்பரோ பான் எண்ணோ அனுப்பாதீங்க. அடுத்த 8ஆம் தேதிக்கு முன்னாடி எவ்வளவு நாள் இருக்குன்னு பாத்து லெட்டரை நாளைக்கே குடுத்துடுங்க.